டெல்லி குளிரில் மெட்ரோவுக்கு நடந்து போறீங்களா? ஒரே ஒரு தடிமனான ஜாக்கெட் ஏன் போதாது?

வேலைக்காக டெல்லி, நொய்டா, குருகிராம் பக்கம் போகும் நம்ம ஊர் ஆட்கள் டிசம்பர் வந்ததும் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு தடிமனான ஜாக்கெட். உள்ளே வழக்கமான காட்டன் டி-ஷர்ட், மேலே அந்த ஜாக்கெட். வீட்டை விட்டு இறங்கும்போது கதகதப்பாக இருக்கும். பத்து நிமிடம் நடந்ததும் முதுகில் வியர்க்கும். மெட்ரோவுக்குள் புழுக்கம் தாங்காது. அலுவலகத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆனதும், "இவ்வளவு பெரிய ஜாக்கெட் போட்டும் ஏன் நடுங்குது?" என்ற கேள்வி வரும்.

இதற்குக் காரணம் ஜாக்கெட்டின் தரம் இல்லை. நடப்பது, நிற்பது, கூட்டத்தில் நெரிபடுவது, உட்கார்வது என்று ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் உடல் நான்கு விதமான நிலைகளைக் கடக்கிறது. ஒரே உடை நான்குக்கும் பொருந்தாது. அதனால்தான் குளிர் பிரதேசங்களில் உடையை மூன்று அடுக்காகப் பிரித்துப் போடுகிறார்கள். அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

குளிரைவிட வியர்வைதான் பிரச்னையா?

ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். வேகமாக நடக்கும்போது, சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை உங்கள் உடல் உற்பத்தி செய்கிறது. அந்த வெப்பம் வெளியே போக வழியில்லை என்றால் உடல் வியர்க்கத் தொடங்கும். வெளியே 6 டிகிரி இருந்தாலும் இது நடக்கும்.

உடை நமக்குத் தானாகச் சூடு தருவதில்லை. நூலிழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் அசையாத காற்றுதான் உடலின் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. அந்த இடைவெளியில் வியர்வை புகுந்துவிட்டால் கதை மாறிவிடும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அது போதாதென்று, அந்த ஈரம் ஆவியாகும்போதும் உடலிலிருந்துதான் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். நடக்கும்வரை தெரியாது. நடை நின்றதும் உடலின் வெப்ப உற்பத்தி இறங்கிவிடும், ஈரம் மட்டும் அப்படியே இருக்கும். அலுவலக நாற்காலியில் வரும் நடுக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆக, மூன்று அடுக்குக்கும் மூன்று தனி வேலை. உள் அடுக்கு வியர்வையைத் தோலிலிருந்து எடுத்து வெளியே தள்ள வேண்டும். நடு அடுக்கு காற்றைப் பிடித்து வைக்க வேண்டும். வெளி அடுக்கு குளிர்காற்றையும் பனிமூட்டத்தின் ஈரத்தையும் தடுக்க வேண்டும்.

உள் அடுக்கு: 'தெர்மல்' என்று எழுதியிருந்தால் போதுமா?

போதாது. கடைகளில் 'தெர்மல்', 'வார்மர்', 'இன்னர்' என்ற பெயரில் விற்பவற்றில் பல முழுக்கக் காட்டன் அல்லது காட்டன் அதிகம் கலந்தவை. தொட்டால் மென்மையாக இருக்கும், வீட்டில் போட்டுக்கொண்டு தூங்க நன்றாக இருக்கும். நடந்து வியர்த்தால் மட்டும் சிக்கல். காட்டன் ஈரத்தை உறிஞ்சித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், காயவும் நேரமாகும். சென்னை வெயிலில் நமக்குச் சுகமாக இருக்கும் அதே குணம்தான் டெல்லி குளிரில் எதிரியாகிறது.

அதனால் வாங்கும்போது உள்பக்கக் காலரிலோ பக்கவாட்டுத் தையலிலோ இருக்கும் சிறிய லேபிளைப் பாருங்கள். பாலியஸ்டர் அதிகமாக இருந்து, கொஞ்சம் எலாஸ்டேன் கலந்திருந்தால் நடைக்கு ஏற்றது. வியர்வையை வேகமாகப் பரப்பி வெளியே விடும், சீக்கிரம் காயும். குறை என்னவென்றால், ஒரே நாளில் வியர்வை நாற்றம் பிடித்துக்கொள்ளும். மெரினோ கம்பளி இன்னும் நல்லது. ஈரத்தை உள்ளே வாங்கினாலும் தோலில் சில்லென்று ஒட்டாது, நாற்றமும் குறைவு. ஆனால் விலை அதிகம், துவைப்பதில் கவனமும் வேண்டும்.

அளவும் முக்கியம். உள் அடுக்கு தோலோடு ஒட்டி இருந்தால்தான் வியர்வையை உறிஞ்சி எடுக்க முடியும். தொளதொள என்று இருந்தால் அந்த வேலையே நடக்காது. அதற்காக மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கமும் வேண்டாம். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்கள். இடுப்பு தெரிந்தால் நீளம் போதவில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் குளிர்காற்று முதலில் நுழையும்.

முக்கியமான இன்னொரு விஷயம்: தெர்மலுக்கு உள்ளே பழக்கத்தில் ஒரு காட்டன் பனியனையும் போட்டுக்கொள்ளாதீர்கள். தோலைத் தொடும் முதல் துணி எதுவோ, அதுதான் உள் அடுக்கு. அங்கே காட்டன் இருந்தால் மேலே போட்ட நல்ல தெர்மலால் பெரிதாகப் பயன் இல்லை.

நடு அடுக்கு: ஸ்வெட்டரா, ஃப்ளீஸா?

இரண்டுமே சரிதான். டெல்லிச் சந்தைக்கு வரும் கம்பளிப் பின்னலாடைகளில் பெரும்பகுதிக்கு ஊர் லூதியானா. திருப்பூர் எப்படிக் காட்டன் பின்னலாடைக்குப் பேர் போனதோ, அப்படிக் கம்பளிக்கு லூதியானா. ஆனால் கம்பளி மாதிரி தெரிவதெல்லாம் கம்பளி இல்லை. பல ஸ்வெட்டர்கள் அக்ரிலிக் நூலில் பின்னப்பட்டவை. அக்ரிலிக் மோசம் என்று சொல்ல முடியாது, அதுவும் காற்றைப் பிடித்து வைக்கும். ஈரமானால் கம்பளி அளவுக்குக் கைகொடுக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தினமும் நடப்பவர்களுக்கு ஃப்ளீஸ் வசதியானது. எடை குறைவு, சீக்கிரம் காயும், பையில் சுருட்டி வைக்கலாம். ஆனால் காற்று வீசினால் ஃப்ளீஸ், ஸ்வெட்டர் இரண்டின் வழியாகவும் அது நேரே உள்ளே வந்துவிடும். பால்கனியில் நிற்கும்போது கதகதப்பாக இருந்த ஸ்வெட்டர், மேம்பால நடைமேடையில் இல்லவே இல்லாத மாதிரி தோன்றுவது இதனால்தான்.

எதை வாங்கினாலும் முன்பக்கம் ஜிப் இருப்பதாகப் பாருங்கள். தலைவழியாகக் கழற்ற வேண்டிய ஸ்வெட்டரைக் கூட்ட நெரிசலில் கழற்ற மாட்டீர்கள். கழற்றாமல் வியர்ப்பீர்கள். ஜிப் என்றால் நடந்துகொண்டே அரைவாசி இறக்கிவிடலாம். அலுவலகச் சட்டை போட வேண்டியவர்களுக்குக் கையில்லாத ஸ்வெட்டர் நல்ல வழி. நெஞ்சும் முதுகும் சூடாக இருக்கும், அக்குள் வழியாக வெப்பம் வெளியேறும்.

வெளி அடுக்கு: ரெயின்கோட் போடலாமா?

முழுக்கத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் ரெயின்கோட் வேண்டாம். வெளி ஈரம் உள்ளே வராது, சரி. ஆனால் உங்கள் வியர்வையும் வெளியே போகாது. டெல்லிச் சமவெளியில் குளிர்கால மழை எப்போதாவதுதான். உங்களுக்குத் தேவை காற்றைத் தடுத்து, பனிமூட்டத்தின் மெல்லிய ஈரத்தைத் தாங்கும் ஒரு விண்ட்சீட்டர் வகை ஜாக்கெட். துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த கையில் காற்று சுலபமாகப் படாவிட்டால் போதும்.

காற்றைத் தடுப்பது அவ்வளவு முக்கியமா? 5 டிகிரி குளிரில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது சுமார் 2 டிகிரி மாதிரி உறைக்கும். மேலே உயர்த்திக் கட்டிய மெட்ரோ நிலையத்தில் ரயிலுக்காக நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அளவு எடுக்கும்போது கடையில் டி-ஷர்ட் மேல் போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். உள் அடுக்கும் நடு அடுக்கும் போட்டுக்கொண்டு போய், அதன் மேல் போட்டுப் பாருங்கள். ஜிப்பை மூடிய பிறகு நெஞ்சுக்கு முன்னால் உங்கள் முஷ்டி அளவு இடம் இருந்தால் சரி. இறுக்கமாக இருந்தால் நடு அடுக்கு நசுங்கி, அது பிடித்து வைத்திருந்த காற்று வெளியேறிவிடும். காசு கொடுத்து வாங்கிய கதகதப்பை நீங்களே பிழிந்து வெளியே விட்ட மாதிரி ஆகிவிடும்.

நிறத்தையும் கவனியுங்கள். ஜனவரி காலைப் பனிமூட்டத்தில் கறுப்பு ஜாக்கெட் போட்டவர் கார் ஓட்டுநரின் கண்ணுக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிவார். வெளிர் நிறம் நல்லது. கறுப்புதான் பிடிக்கும் என்றால், ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை ஒன்றைப் பையிலாவது ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு ஜனவரி காலை: மயூர் விஹார் முதல் நொய்டா வரை

நீங்கள் மயூர் விஹார் பகுதியில் தங்கியிருக்கிறீர்கள், அலுவலகம் நொய்டா செக்டர் 62-இல் என்று வைத்துக்கொள்வோம். நேரம் காலை 7 மணி, வெளியே 7 டிகிரி, பனிமூட்டம். மயூர் விஹார்-1 நிலையத்துக்கு 15 நிமிட நடை, புளூ லைனில் ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம், இறங்கி மறுபடியும் 10 நிமிட நடை.

புறப்படும்போது பாலியஸ்டர் உள் அடுக்கு, அதன் மேல் அலுவலகச் சட்டை, அதன் மேல் ஃப்ளீஸ். வெளி ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பை மார்பு வரை மட்டும் மூடுங்கள். தெருவில் இறங்கியதும் லேசாகக் குளிர வேண்டும். இது முக்கியமான விதி. வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் வியர்ப்பது நிச்சயம். முதல் ஐந்து நிமிடக் குளிரைப் பொறுத்துக்கொண்டால் உடல் தானே சூடேறிவிடும்.

பத்தாவது நிமிடத்தில் ஒரு சோதனை. கழுத்துக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் எல்லாம் சரி. பிசுபிசுப்பு இருந்தால் உடனே ஃப்ளீஸின் ஜிப்பை இறக்குங்கள். வியர்வை வழியத் தொடங்கிய பிறகு திறந்தால் தாமதம். பேக்பேக் மாட்டியிருந்தால் முதுகில் காற்றுப் போக வழியிருக்காது, அங்கேதான் முதலில் நனையும். நடக்கும்போது பையை ஒற்றைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டாலே ஓரளவு காயும்.

நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு முன்பே நடு அடுக்கைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். 'எதற்கு, இன்னும் குளிருதே' என்று தோன்றும். ஆனால் நடைமேடை திறந்தவெளி என்பதால் அங்கே தேவை காற்றுத் தடுப்பு, அதற்கு வெளி ஜாக்கெட் இருக்கிறது. கழுத்து வரை மூடிக்கொள்ளுங்கள். ரயில் வந்ததும் முழுவதும் திறந்துவிடுங்கள். அலுவலக நேரக் கூட்டத்தில் நாலு பக்கமும் ஆட்கள் நிற்கும்போது ஃப்ளீஸ் போட்டிருந்தால், நடையில் வராத வியர்வை ரயிலில் வந்துவிடும்.

செக்டர் 62-இல் இறங்கி 10 நிமிடம் நடக்க வெளி ஜாக்கெட்டே பெரும்பாலும் போதும். அலுவலகத்தில் ஜாக்கெட்டைக் கழற்றி, உலர்ந்த ஃப்ளீஸை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அசையாமல் உட்காரும் நேரத்தில்தான் நடு அடுக்கு உண்மையில் தேவைப்படுகிறது. அதை வியர்வையில் நனைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

மதியம் வெயில் வந்தால் வெளியே சட்டையோடு டீ குடிக்கப் போகலாம். ஆனால் எல்லா நாளும் அப்படி இருக்காது. அதிகபட்ச வெப்பநிலையும் வழக்கத்தைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் குறைந்து, இரவுக் குளிரும் 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்கும் நாளை இந்திய வானிலை ஆய்வு மையம் 'குளிர் நாள்' என்கிறது. பனிமூட்டம் விலகாத அந்த நாட்களில் மதியமும் காலை மாதிரியே இருக்கும். அதனால் போனில் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் அதிகபட்சத்தையும் பாருங்கள். அது 14, 15 டிகிரி என்று காட்டினால் ஃப்ளீஸை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தலை, கை, கால்: எங்கே தவறு நடக்கிறது?

'உடல் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சரியில்லை. உடல் பரப்பில் தலையின் பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அதே அளவு வெப்பம்தான் அதன் வழியாகப் போகிறது. ஆனாலும் குல்லா பயனுள்ளது, ஏனென்றால் ஜாக்கெட்டுக்குள் இருக்கும்போது வெளியே திறந்து கிடப்பது தலையும் கழுத்தும்தான். சுலபமாகக் கழற்றலாம் என்பதால் அவற்றை ஒரு ரெகுலேட்டர் மாதிரிப் பயன்படுத்தலாம். சூடு அதிகமானால் முதலில் மஃப்ளர், அடுத்து குல்லா, அதற்கப்புறம் ஜிப்.

நெஞ்சுப் பகுதி குளிர்ந்தால் உடல் முதலில் கைகால்களுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். அதனால் விரல் விறைத்தால் கையுறையை மட்டும் மாற்றிப் பயனில்லை, நடு அடுக்கு போதுமா என்றும் பாருங்கள்.

காலில் பலர் செய்யும் தவறு, ஒரே ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ். ஷூ இறுகி ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லென்று ஆகும். விரல்களை அசைக்க இடம் இருக்கும்படி தடிமனான ஒரே கம்பளி சாக்ஸ் போதும். அலுவலகத்தில் உலர்ந்த சாக்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கால் விரல்கள் சிவந்து வீங்கி அரித்தால் அது குளிர் வெடிப்பின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது ஹீட்டர் முன்னால் காலை நீட்டாதீர்கள். திடீர்ச் சூடு அதை மோசமாக்கும். மெதுவாகச் சூடேற்றுங்கள், குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். குளிர் பட்டதும் விரல்கள் வெள்ளையாகவோ நீலமாகவோ மாறி மரத்துப்போகிறவர்களும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

எத்தனை வாங்கணும், எப்படித் துவைக்கணும்?

தோலோடு ஒட்டியிருப்பதால் உள் அடுக்கைத் தினமும் மாற்ற வேண்டும். மூன்று செட் இருந்தால் சமாளிக்கலாம். நடு அடுக்கு ஒன்றோ இரண்டோ போதும், வெளி அடுக்கு ஒன்றே போதும். பட்ஜெட் குறைவு என்றால் முதலில் உள் அடுக்கை மாற்றுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஜாக்கெட்டே அதன் பிறகு இரண்டு மடங்கு நன்றாக வேலை செய்வது போலத் தோன்றும்.

பாலியஸ்டர் தெர்மலைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றாதீர்கள். அது இழைகளின் மேல் படிந்து, வியர்வையை இழுக்கும் தன்மையைக் குறைத்துவிடும். பனிமூட்டம் நிறைந்த வாரத்தில் துணி காய்வதே பெரும்பாடு. காட்டன் என்றால் இரண்டு நாள்கூட ஆகலாம், பாலியஸ்டர் ஃபேன் காற்றில் ஒரே இரவில் காய்ந்துவிடும். அவசரத்துக்கு ரூம் ஹீட்டர் மேல் துணியைப் போடும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். செயற்கை இழை சட்டென்று உருகித் தீப்பிடிக்கும்.

வேறு ஊர் என்றால்?

பெங்களூரு ஜனவரி காலைக்கு மூன்று அடுக்கு தேவையில்லை. சட்டையும் ஒரு ஃப்ளீஸும் போதும். அதே நேரம் ஸ்ரீநகரில் டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் 'சில்லாய் கலான்' காலத்தில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். அங்கே கால் முழுவதற்கும் உள் அடுக்கு, அடர்த்தியான நடு அடுக்கு, வழுக்காத ஷூ எல்லாம் கட்டாயம். காஷ்மீரிகள் போடும் தொளதொள ஃபேரனைக் கவனித்தால் இதே கணக்கு அதிலும் இருப்பது தெரியும். அது உடலை ஒட்டாமல் இருப்பதால் உள்ளே ஒரு காற்று அடுக்கு தானாகவே உருவாகிறது.

ஊர் எதுவானாலும் இன்று இரவே ஒரு விஷயத்தைச் செய்து பாருங்கள். நாளை போடப்போகும் மூன்று அடுக்கையும் போட்டுக்கொண்டு, பையை மாட்டி, மாடிப்படியில் ஐந்து நிமிடம் ஏறி இறங்குங்கள். பிறகு உள் அடுக்கின் முதுகுப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால், நாளை காலை ஒரு அடுக்கு பையில்தான் வரணும்.